‘கொலஸ்ட்ரால் 0’ என்ற வரிக்கு மேலே பாருங்கள்: இதய நோயாளிக்காகத் தின்பண்டப் பாக்கெட்டைப் படிக்கும் முறை

தக்கலைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம் ஆன பிறகு, உணவு ஆலோசனைக்காக என்னிடம் வந்தார். மாத்திரைகளை ஒருநாள்கூட விடாமல் எடுத்துவந்தவர் அவர். 70-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்த, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் அளவு 96 என்று வந்திருந்தது. கையில் இருந்த துணிப்பையிலிருந்து மூன்று பாக்கெட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, அதில் ஒன்றைத் திருப்பிக் காட்டினார். “மக்களே, இதுல கொலஸ்ட்ரால் பூச்சியம்னு போட்டிருக்கு. பாத்துப் பாத்துதான் வாங்குறேன். பின்ன எதுக்கு எனக்குக் கூடுது?”

அவர் காட்டியது தேங்காய் எண்ணெயில் பொரித்த ஏத்தங்காய் சிப்ஸ். இரண்டாவது, முகப்பில் ‘ஹை ஃபைபர்’ என்று பெரிதாக அச்சிட்ட பிஸ்கட். மூன்றாவது நெய் முறுக்கு; அதில் கொலஸ்ட்ரால் 12 மில்லிகிராம் என்று இருந்ததால் அவர் அதை உடைக்கவே இல்லை. மூன்று பாக்கெட்டையும் சேர்த்து வைத்துப் படித்தபோது, அவர் பயந்த வரிசையே தலைகீழாக இருந்தது தெரிந்தது. நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் என்று எங்கே கடைக்குப் போனாலும் இதே மூன்று வகைப் பாக்கெட்டுகள் கண்ணில் படும் என்பதால், அன்று அவரோடு உட்கார்ந்து படித்த முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

எந்த வரி எதைச் சொல்கிறது

நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகளின்படி, பாக்கெட்டில் அடைத்து விற்கும் உணவின் சத்து அட்டவணையில் மொத்தக் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, கொலஸ்ட்ரால் ஆகியவை இடம்பெற வேண்டும். பாக்கெட்டில் அவை ‘டோட்டல் ஃபேட்’, ‘சாச்சுரேட்டட் ஃபேட்’, ‘டிரான்ஸ் ஃபேட்’, ‘கொலஸ்ட்ரால்’ என்று ஆங்கிலத்தில், பெரும்பாலும் இதே வரிசையில் இருக்கும். ஆகவே கொலஸ்ட்ரால் வரியைக் கண்டுபிடித்தவர் கண்ணை இரண்டு வரி மேலே நகர்த்தினால் நிறைவுற்ற கொழுப்பு வரிக்கு வந்துவிடலாம். இதய நோய் உள்ளவர் முதலில் படிக்க வேண்டிய வரி அதுதான்.

காரணம் கல்லீரலில் இருக்கிறது. இரத்தத்தில் சுற்றும் எல்டிஎல் துகள்களைப் பிடித்து உள்ளே இழுப்பதற்குக் கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் இருக்கின்றன. நிறைவுற்ற கொழுப்பை அதிகம் உண்ணும்போது இந்த ஏற்பிகளின் வேலை குறைந்துவிடுகிறது. இழுக்கப்படாத எல்டிஎல் இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. உணவில் உள்ள கொலஸ்ட்ராலும் எல்டிஎல்லை ஓரளவு கூட்டும் என்றாலும், பெரும்பாலானவர்களுக்கு அதன் தாக்கம் நிறைவுற்ற கொழுப்பின் தாக்கத்தைவிடச் சிறியது. மேலும், கொலஸ்ட்ரால் என்பது விலங்கு உணவுகளில் மட்டுமே கணிசமாக இருக்கும் பொருள். ஏத்தங்காய், மரச்சீனி, தேங்காய் எண்ணெய், பாமாயில் எல்லாமே செடி கொடி மரங்களிலிருந்து வருபவை. அவற்றில் செய்த பண்டத்துக்குக் கொலஸ்ட்ரால் 0 என்று இருப்பது உண்மைதான்; ஆனால் அந்த உண்மையிலிருந்து இதயத்துக்கு அது ஏற்றதா இல்லையா என்று எதுவும் தெரியாது.

முதற்படி: உங்கள் நாளின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

பாக்கெட்டில் ‘ஒரு பரிமாறலுக்கு இத்தனை விழுக்காடு’ என்று ஒரு கட்டம் இருக்கும். அந்த விழுக்காடு, நாளொன்றுக்கு 2000 கலோரி உண்ணும் பொதுவான ஒருவருக்கு 22 கிராம் நிறைவுற்ற கொழுப்பு என்ற கணக்கில் போடப்படுகிறது. எல்டிஎல்லைக் குறைக்க வேண்டிய நிலையில் உள்ளவருக்கு, மொத்தக் கலோரியில் 6 விழுக்காட்டுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு வேண்டாம் என்பது அமெரிக்க இதயச் சங்கத்தின் பரிந்துரை. 2000 கலோரிக்கு அது ஏறத்தாழ 13 கிராம். 1600 கலோரி மட்டும் உண்ணும் வயதானவருக்குப் 11 கிராமுக்கும் சற்றுக் குறைவு. எனவே பாக்கெட்டில் 25 விழுக்காடு என்று அச்சிட்டிருந்தால், 13 கிராம் கணக்கில் அது சுமார் 42 விழுக்காடு ஆகும்.

அந்த 13 கிராம் முழுவதையும் தின்பண்டத்துக்குக் கொடுக்க முடியாது என்பதை நம் மாவட்டத்தில் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தீயலும் அவியலும் தேங்காய் அரைத்த மீன்குழம்பும் இல்லாத வீடு இங்கே குறைவு. ஒருவர் பங்குக்கு வரும் துருவிய தேங்காய் 15 கிராம் என்று வைத்தாலே அதில் 4 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு உண்டு. தாளிக்கும் தேங்காய் எண்ணெய் ஒரு தேக்கரண்டிக்கு இன்னும் 4 கிராம். நாளில் இரண்டு வேளை டீக்கு 200 மில்லிலிட்டர் டோன்டு பால் என்றால் ஏறக்குறைய 4 கிராம். தட்டில் வேறெதுவும் வைக்காமலேயே 12 கிராம் ஆகிவிட்டது. ஆகவே நான் சொல்வது இதுதான்: வீட்டுச் சமையலில் தேங்காய் இருக்கும் நாளில் பாக்கெட் தின்பண்டத்திலிருந்து வருவது 2 கிராமுக்குள் இருக்கட்டும். இது எந்த விதிமுறையிலும் எழுதப்பட்ட எண் அன்று. மேலே உள்ள கணக்கிலிருந்து நான் வைத்துக்கொண்ட எல்லை.

இரண்டாம் படி: 100 கிராம் நெடுவரிசையைப் படித்து, கையளவை நிறுத்துப் பாருங்கள்

ஒரு பாக்கெட்டில் பரிமாறல் 15 கிராம் என்றும், இன்னொன்றில் 30 கிராம் என்றும் நிறுவனம் தன் விருப்பப்படி வைத்திருக்கும். எனவே இரண்டு பண்டங்களை ஒப்பிடுவதற்கு ‘100 கிராமில்’ என்ற நெடுவரிசையை மட்டும் பயன்படுத்துங்கள். பிறகு, நீங்கள் உண்மையில் உண்ணும் எடையால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் உங்கள் கணக்கு கிடைத்துவிடும்.

உண்ணும் எடையைத்தான் எல்லோரும் தவறாகச் சொல்கிறார்கள். ஆசிரியரிடம் கேட்டபோது, மாலையில் ‘கொஞ்சம் போல’ சிப்ஸ் தின்பதாகச் சொன்னார். வழக்கமாக எடுக்கும் அளவைத் தட்டில் போடச் சொன்னேன். இரண்டு கைப்பிடி போட்டார். தராசில் 45 கிராம் காட்டியது. பாக்கெட்டில் குறித்திருந்த பரிமாறல் 20 கிராம்தான். வீட்டில் தராசு இல்லாவிட்டால், பாக்கெட்டின் நிகர எடையை எடுத்துக்கொண்டு, வாங்கிய அன்றே சம பங்குகளாகப் பிரித்துச் சிறு டப்பாக்களில் போட்டுவிடலாம். 150 கிராம் பாக்கெட்டை ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 30 கிராம்.

அந்த சிப்ஸ் பாக்கெட்டில் 100 கிராமுக்கு மொத்தக் கொழுப்பு 32 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 28 கிராம், கொலஸ்ட்ரால் 0. அவர் தின்ற 45 கிராமில் நிறைவுற்ற கொழுப்பு 12.6 கிராம். ஒரு நாளுக்கான மொத்த அளவு மாலை டீயோடு போய்விட்டது. உடைக்காமல் வைத்திருந்த நெய் முறுக்கில் மொத்தக் கொழுப்பு 26 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 8 கிராம், கொலஸ்ட்ரால் 12 மில்லிகிராம். அதே 45 கிராம் முறுக்கைத் தின்றிருந்தால் 3.6 கிராம் மட்டுமே வந்திருக்கும். முறுக்கு நல்லது என்று நான் சொல்லவில்லை. அதுவும் அவருடைய 2 கிராம் எல்லைக்கு மேல்தான். ஆனால் 12 மில்லிகிராமைக் கண்டு ஒதுங்கியவர், அதைவிட மூன்று மடங்குக்கும் மேலான ஒன்றை நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தார்.

மூன்றாம் படி: இரண்டு கொழுப்பு வரிகளையும் வகுத்துப் பாருங்கள்

நிறைவுற்ற கொழுப்பை மொத்தக் கொழுப்பால் வகுத்தால், பண்டம் எந்த எண்ணெயில் செய்யப்பட்டது என்பது தெரிந்துவிடும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில் 60-க்குச் சற்று மேல். பாமாயிலில் 50, அதிலிருந்து பிரித்தெடுக்கும் பாமோலினில் 40 முதல் 45. தவிட்டு எண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் 20-ஐ ஒட்டி. சூரியகாந்தி எண்ணெயில் 10-ஐ ஒட்டி. ஆசிரியரின் சிப்ஸில் 28-ஐ 32-ஆல் வகுத்தால் 88 விழுக்காடு வருகிறது. அது தேங்காய் எண்ணெய் என்பதில் ஐயமில்லை. இதே சிப்ஸைப் பாமோலினில் பொரித்துவிற்கும் பாக்கெட்டுகளும் இங்கே உண்டு. அவற்றில் மொத்தக் கொழுப்பு 34 என்றால் நிறைவுற்ற கொழுப்பு 15 அளவில் இருக்கும். பாதியாகக் குறைந்தாலும், இரண்டு கைப்பிடிக்கு அது இன்னும் 7 கிராமை ஒட்டியே இருக்கும்.

இந்த வகுத்தலுக்கு இன்னொரு பயன், அட்டவணையே தவறாக இருந்தால் அது பிடிபட்டுவிடும் என்பது. சேர்பொருள் பட்டியலில் தேங்காய் எண்ணெய் என்று எழுதிவிட்டு, அட்டவணையில் மொத்தக் கொழுப்பு 32, நிறைவுற்ற கொழுப்பு 5 என்று போட்டிருந்தால், அந்த இரண்டும் ஒரே பண்டத்தில் இருக்க முடியாது. வேறு எண்ணெயில் பொரித்த பண்டத்தின் அட்டவணையை எடுத்து ஒட்டியிருக்கலாம், அல்லது எண்ணெய் மாறியபின் அட்டவணை மாறாமல் இருக்கலாம். அதேபோல், நெய்யோ வெண்ணெயோ முட்டையோ பட்டியலில் முன்னால் இருக்க, கொலஸ்ட்ரால் 0 என்று போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம். 100 கிராம் நெய்யில் 250 மில்லிகிராம் அளவுக்குக் கொலஸ்ட்ரால் உண்டு. கொலஸ்ட்ரால் வரிக்கு நான் கொடுக்கும் வேலை பெரும்பாலும் இதுதான்: பாலும் முட்டையும் நெய்யும் உள்ளே இருக்கின்றனவா என்பதற்கு அது ஒரு சாட்சி.

சேர்பொருள் பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு இறங்கும் வரிசையில் எழுதப்படுவதால், எண்ணெய் இரண்டாவது இடத்தில் இருந்தால் அது பண்டத்தின் கணிசமான பகுதி என்று கொள்ளலாம். ‘எடிபிள் வெஜிடபிள் ஆயில்’ என்று மட்டும் படித்து நிறுத்தாமல், அதற்குப் பின்னால் எந்த எண்ணெய் என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். 2022 ஜனவரி முதல் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதி வந்தபின், ‘ஜீரோ டிரான்ஸ் ஃபேட்’ என்ற முத்திரை பல பாக்கெட்டுகளின் முகப்பில் ஏறிவிட்டது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் வனஸ்பதி போன இடத்தில் பல பண்டங்களில் பாமாயிலும் ‘இன்டர்எஸ்டரிஃபைடு வெஜிடபிள் ஃபேட்’ என்று எழுதப்படும் கெட்டிக் கொழுப்பும் வந்திருக்கின்றன; அவை பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தவை.

முகப்பில் ‘கொலஸ்ட்ரால் ஃப்ரீ’ என்று விளம்பரமாக அச்சிடுவதற்கும், பின்புற அட்டவணையில் கொலஸ்ட்ரால் 0 என்று எண் போடுவதற்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டு. அட்டவணையில் உள்ளது வெறும் அளவு. விளம்பரமாகச் சொல்ல வேண்டுமானால், 2018-ஆம் ஆண்டின் விளம்பர உரிமைகோரல் விதிமுறைப்படி, திட உணவில் 100 கிராமுக்குக் கொலஸ்ட்ரால் 5 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பதோடு, நிறைவுற்ற கொழுப்பும் 1.5 கிராம் அளவுக்குள் இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெயில் பொரித்த சிப்ஸ் இந்த நிபந்தனைக்குள் வரவே முடியாது. அப்படி ஒரு முகப்பைக் கண்டால், பாக்கெட்டில் உள்ள 14 இலக்க உரிம எண்ணைக் குறித்துக்கொண்டு, முகப்பையும் அட்டவணையையும் படம் எடுத்து, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுதலாம்.

நான்காம் படி: நார்ச்சத்து வரியை எப்படி எடுத்துக்கொள்வது

நார்ச்சத்து வரியை எல்லாப் பாக்கெட்டிலும் எதிர்பார்க்க முடியாது. நார்ச்சத்தைப் பற்றி முகப்பில் ஏதாவது சொன்னால்தான் அதன் அளவைக் காட்டியாக வேண்டும். ஆகவே ‘டயட்டரி ஃபைபர்’ என்ற வரி இல்லாவிட்டால் அளவு தெரியாது என்றுதான் பொருள், 0 என்று பொருள் அன்று. 100 கிராமில் 3 கிராம் இருந்தால் நார்ச்சத்து உள்ளது என்றும், 6 கிராம் இருந்தால் நார்ச்சத்து மிகுந்தது என்றும் சொல்லிக்கொள்ள விதி அனுமதிக்கிறது. ‘ஹை ஃபைபர்’ என்ற சொல் நிறைவுற்ற கொழுப்பைப் பற்றி எந்த உறுதியும் தருவதில்லை.

ஆசிரியரின் பிஸ்கட்டைப் பார்ப்போம். 100 கிராமுக்கு நார்ச்சத்து 6 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 10 கிராம். ஒரு பிஸ்கட் 10 கிராம். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. நாற்பது கிராமில் அவருக்குக் கிடைத்த நார்ச்சத்து 2.4 கிராம், கூடவே வந்த நிறைவுற்ற கொழுப்பு 4 கிராம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கை வாங்குவதற்காக அவர் தன் கொழுப்பு எல்லையில் மூன்றில் ஒரு பங்கை இழந்திருக்கிறார். அதனால் நான் எப்போதும் இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்: இதய நோயாளிக்கான தின்பண்டத்தில் நார்ச்சத்தின் எண், நிறைவுற்ற கொழுப்பின் எண்ணைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். தோலுடன் வறுத்த கொண்டைக்கடலைப் பாக்கெட்டில் நிறைவுற்ற கொழுப்பு 100 கிராமுக்கு 1 கிராமை எட்டாது. நார்ச்சத்து அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் இருக்கும்.

எந்த நார்ச்சத்து என்பதும் முக்கியம், ஆனால் அட்டவணை அதைப் பிரித்துச் சொல்வது அரிது. சேர்பொருள் பட்டியலுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். ஓட்ஸ், பார்லி, பருப்பு வகை, இசப்கோல் ஆகியவற்றில் நீரில் கரைந்து கூழாகும் நார் இருக்கிறது. அந்தக் கூழ் குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியே கொண்டுபோகிறது. இழந்த பித்தத்தை மறுபடியும் தயாரிக்கக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. அந்த பிஸ்கட்டில் இருந்தது கோதுமைத் தவிடு. அது மலச்சிக்கலுக்கு உதவும். எல்டிஎல்லைக் குறைப்பதில் அதன் பங்கு மிகச் சிறியது. முகப்பில் ஓட்ஸ் படம் இருந்தாலும், பட்டியலில் மைதா முதலிலும் ஓட்ஸ் ஐந்தாவதிலும் இருந்தால், படத்தை மறந்துவிடுங்கள்.

அட்டவணையே இல்லாத சிப்ஸ்

கண்முன்னே பொரித்து, நிறுத்து, வெறும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுக்கும் கடைகள் இந்த மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. படிக்க எதுவும் இல்லாத அந்தக் கவருக்கும் கணக்கு உண்டு. “அண்ணாச்சி, இது எந்த எண்ணெய்?” என்று கேளுங்கள். தேங்காய் எண்ணெய் என்றால் 100 கிராமுக்கு 28 கிராம் நிறைவுற்ற கொழுப்பு என்றும், பாமோலின் என்றால் 15 என்றும் வைத்துக்கொண்டால் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். சுத்தமான தேங்காய் எண்ணெய், செக்கெண்ணெய் என்பதால் இந்த எண் குறையாது. நம் பாட்டாமார் தேங்காய் எண்ணெயில்தானே சாப்பிட்டார்கள் என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. வயலிலும் விளையிலும் நாளெல்லாம் வேலை செய்து, பண்டிகைக்கு மட்டும் சிப்ஸ் பொரித்த அவர்களுடைய உடலும், ஸ்டென்ட் வைத்த ஓர் உடலும் ஒன்றல்ல. தேங்காய் எண்ணெய் நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல்லைச் சற்றுக் கூட்டும் என்பது உண்மை. அதே எண்ணெய் சூரியகாந்தி போன்ற எண்ணெய்களை ஒப்பிடும்போது எல்டிஎல்லையும் கூட்டுகிறது என்பதும் சோதனைகளில் தெரிந்த உண்மை.

இந்த மூன்று வரிகள் சொல்லாதவை

இரத்த அழுத்தமோ இதயச் செயலிழப்போ உள்ளவர் சோடியம் வரியையும் படிக்க வேண்டும். வறுத்த கடலையிலும் உப்புத் தூவியது, தூவாதது என்று இரண்டு வகை உண்டு. நீரிழிவும் சேர்ந்திருந்தால் சேர்க்கப்பட்ட சர்க்கரையின் வரியையும் பார்க்க வேண்டும். சிறுநீரக நோய் இருப்பவர் கடலை, பயறு போன்றவற்றைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும், ஏனெனில் அவற்றில் பொட்டாசியம் உண்டு. பாக்கெட்டை எவ்வளவு கவனமாகப் படித்தாலும், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைக்கு அது மாற்றாகாது. ஆசிரியரின் மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ நான் சொல்லவில்லை.

அவருக்காக நாங்கள் முடிவு செய்தது இவ்வளவுதான். மாலையில் சிப்ஸுக்குப் பதில் உப்புச் சேர்க்காத வறுத்த கொண்டைக்கடலை 30 கிராம். பிஸ்கட் காலையில் மட்டும் இரண்டு, அதுவும் நிறைவுற்ற கொழுப்பின் எண்ணும் நார்ச்சத்தின் எண்ணும் இடம் மாறியிருக்கும் ஒரு வகை கிடைத்தால். ஏத்தங்காய் சிப்ஸ் ஓணத்துக்கும் வீட்டு விசேஷங்களுக்கும், தேங்காய் அரைக்காத குழம்பு வைக்கும் நாளில், ஆறேழு துண்டு; அவர் வீட்டுத் தராசில் அது 10 கிராம் வந்தது, நிறைவுற்ற கொழுப்பு 2.8 கிராம். எட்டு வாரம் கழித்து இரத்தப் பரிசோதனை, அதில் மொத்தக் கொலஸ்ட்ராலைப் பார்க்காமல் எல்டிஎல் வரியைப் பார்ப்பது என்று குறித்துக்கொண்டார். போகும்போது நெய் முறுக்குப் பாக்கெட்டைத் திருப்பி, கொலஸ்ட்ரால் வரியில் விரலை வைத்து, அங்கிருந்து இரண்டு வரி மேலே நகர்த்தி, “எட்டு” என்று படித்தார்.